அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் கடிதம்: மரியாதை எங்கே, விவரம் எங்கே

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றான தமிழில் அரசாங்க அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும் வழக்கம் குறைந்திருக்கிறதே தவிர, அற்றுப்போகவில்லை. மூத்தோர் பலர் இன்றும் தமிழில்தான் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்களை ஆங்கிலமாக்கிக் கோப்பில் சேர்ப்பதற்கு உதவுவதும், அனுப்புவதற்கு முன்பே செம்மைப்படுத்தித் தருவதும் என் தொழில். இந்தப் பணியில் நான் மீண்டும் மீண்டும் காண்பது எழுத்துப் பிழைகளை அன்று. மரியாதைச் சொற்கள் இருக்க வேண்டிய இடத்தை விட்டு விவரங்களின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதைத்தான்.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஈசூன் வட்டாரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், அதாவது வீவகவின், வீட்டில் வசிக்கும் மூதாட்டி ஒருவரின் வீட்டில், குளியலறைக் கூரையிலிருந்து நீர் கசிகிறது. அவர் தம் கைப்பட எழுதி எடுத்து வந்த வரைவு இது:

"மாண்புமிகு உயர்திரு மேலாளர் ஐயா அவர்கள் சமூகத்திற்குத் தங்கள் பணிவுள்ள அடியேன் எழுதிக்கொள்வது. என் வீட்டில் ரொம்ப நாளாகத் தண்ணீர் ஒழுகுகிறது. நீங்கள் ஏற்கெனவே வந்து பார்த்தீர்கள். மேல்வீட்டுக்காரர் ஒத்துழைக்கவில்லை. இந்த ஏழையின் மீது இரக்கம் வைத்துத் தாங்கள்தான் ஒரு வழி செய்ய வேண்டும்."

இதில் பணிவுக்குக் குறைவே இல்லை. ஆனால் எந்த வீடு, எந்த நாள், யார் வந்து பார்த்தார், கழகம் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் இதில் விடை கிடையாது. இந்தக் கடிதம் ஆங்கிலமாகும்போது "மாண்புமிகு", "சமூகம்", "அடியேன்" எல்லாம் உதிர்ந்துபோகும். கோப்பைக் கையாளும் அதிகாரியின் கைக்கு எஞ்சுவது "என் வீட்டில் ஒழுகுகிறது, நீங்கள் வந்து பார்த்தீர்கள், மேல்வீட்டுக்காரர் ஒத்துழைக்கவில்லை" என்ற மூன்று செய்திகள் மட்டுமே. கடிதம் பெறும் மேலாளரோ அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. வந்தவர் வேறோர் அதிகாரி.

முதலில் விளியைப் பார்ப்போம். "மாண்புமிகு" என்பது அமைச்சர், நீதிபதி போன்றோருக்கு வழங்கும் அடைமொழி. கிளை மேலாளருக்கு "உயர்திரு" தாராளமாகப் போதும். அதுவும் முகவரியில் ஒருமுறை வந்தால் போதும். பெறுநரின் பெயர் தெரியாதபோது பதவியை எழுதி, கீழே "மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்" என்று தொடங்குவதே பாதுகாப்பானது. மேலாளர் ஆணாகத்தான் இருப்பார் என்று எண்ணி "ஐயா" என்று மட்டும் எழுதுவோர் இன்னமும் இருக்கிறார்கள். "அன்புள்ள" என்ற விளி உறவினருக்கும் நண்பருக்கும் உரியது; அலுவலகக் கடிதத்தில் அது சற்றுக் கூடுதலான நெருக்கமாகவே படுகிறது என்பது என் கருத்து.

பெயர் தெரிந்திருந்தால் இங்கே வேறொரு கவனம் வேண்டும். நம் அலுவலகங்களில் சீனரும் மலாய்க்காரரும் பணியாற்றுகிறார்கள். அவர்கள் பெயரின் எந்தப் பகுதிக்கு முன்னால் "திரு" வரும் என்பது தமிழ்ப் பெயர்களின் வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். ஆகவே டான் என்று தொடங்கும் பெயருடையவர் "திரு டான்". கடைசிச் சொல்லை எடுத்து "திரு" சேர்த்தால் அலுவலகத்தில் யாரும் அழைக்காத ஒரு பெயரால் அவரை அழைத்ததாகிவிடும். மலாய்ப் பெயரில் "பின்", "பிந்தி" என்பதற்குப் பின்னால் வருவது தந்தை பெயர். அஹ்மத் பின் ஹசன் என்பவரைத் "திரு ஹசன்" என்று விளித்தால் அவருடைய தந்தைக்குக் கடிதம் எழுதியதாகப் பொருள். மணமான பெண்மணிக்குச் சிங்கப்பூரில் "திருவாட்டி" என்றும் மணமாகாதவருக்குக் "குமாரி" என்றும் எழுதுவது வழக்கம். தமிழகத்திலிருந்து வந்தோர் "திருமதி", "செல்வி" என்று எழுதுவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே கடிதத்தில் இரண்டு வழக்கும் கலந்து வரக்கூடாது.

மரியாதை அடுத்ததாக அமர வேண்டிய இடம், முன்னிலைச் சொல்லும் அதற்குரிய வினையும். "தாங்கள்" என்று தொடங்கினால் முடிவு வரை "தாங்கள்", "தங்கள்" என்றே செல்ல வேண்டும். மேற்கண்ட வரைவில் "தங்கள்" என்று தொடங்கி, "நீங்கள்" என்று இறங்கி, மீண்டும் "தாங்கள்" என்று ஏறுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், அலுவலகத்தையும் அலுவலரையும் ஒன்றாகக் கருதுவது. கழகம், அமைச்சு, ஆணையம், நகர மன்றம் ஆகியவை அஃறிணை. "கழகம் பதில் அனுப்பியது", "அமைச்சு அறிவித்தது" என்றுதான் எழுத வேண்டும். அதிகாரி உயர்திணை, "கழகத்தின் அதிகாரி வந்து பார்வையிட்டார்" என்று எழுத வேண்டும். நிறுவனத்துக்கும் மரியாதை கொடுப்பதாக எண்ணிக் "கழகம் வந்து பார்த்தார்கள்" என்று எழுதும்போது, செய்தவர் யார் என்பதே மறைந்துபோகிறது. கடிதத்தைப் பெறுபவர் தாமே செய்தவற்றுக்கும் செய்யப்போகிறவற்றுக்கும் மட்டும் "தாங்கள்" வரட்டும். மற்றவர் செய்ததைப் படர்க்கையில் எழுதி நாளையும் குறிப்பிட்டால் அதிகாரி கோப்பில் தேடி எடுத்துக்கொள்வார்.

எதைக் கேட்கிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். வீவக வீடுகளில் மேல்தளத்து வீட்டிலிருந்து கீழ்வீட்டுக் கூரைக்கு நீர் கசிந்தால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டார், கீழ்வீட்டார் ஆகிய இருதரப்புக்கும் உண்டு. தகுதிபெறும் வீடுகளுக்குக் கழகத்தின் உதவித் திட்டத்தின்கீழ்ப் பழுதுபார்ப்புச் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். எஞ்சியதை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்வர். எனவே "ஒரு வழி செய்யுங்கள்" என்பதற்கோ "மேல்வீட்டாரைக் கட்டச் சொல்லுங்கள்" என்பதற்கோ பதிலாக, ஆய்வு வேண்டும், மேல்வீட்டாருடன் தொடர்புகொள்ள உதவி வேண்டும், உதவித் திட்டம் பற்றிய விவரம் வேண்டும் என்று கேட்பதே பயன் தரும். பொதுத் தாழ்வாரத்திலோ மின்தூக்கி அருகிலோ நீர் ஒழுகினால் அது நகர மன்றத்துக்கு எழுத வேண்டிய கடிதம்.

மூதாட்டியுடன் உட்கார்ந்து திருத்திய கடிதம் இப்படி அமைந்தது:

2025 மார்ச் 3

பெறுநர்:
உயர்திரு கிளை மேலாளர் அவர்கள்,
வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்,
(கிளை முகவரி, அஞ்சல் குறியீடு)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: புளோக் (எண்), வீட்டு எண் (எண்) – குளியலறைக் கூரை நீர்க்கசிவு – ஆய்வு கோருதல்
பார்வை: கழகத்தின் கடிதம், குறிப்பு எண் (எண்), நாள் 2025 ஜனவரி 20

வணக்கம். மேற்கண்ட வீட்டின் உரிமையாளராகிய நான், 2024 டிசம்பர் மாதத் தொடக்கத்திலிருந்து என் குளியலறைக் கூரையில் நீர் கசிவதைக் கண்டு வருகிறேன். கழகத்தின் அதிகாரி ஒருவர் 2025 ஜனவரி 14ஆம் நாள் வந்து பார்வையிட்டார். அதன் பின்னரும் கசிவு நிற்கவில்லை; கூரைச் சாயம் உரிந்து, விளக்கின் அருகிலும் ஈரம் பரவியுள்ளது. மேல்வீட்டு உரிமையாளரிடம் இருமுறை பேசியும் பழுதுபார்ப்பதற்கு நாள் குறிக்க இயலவில்லை.

ஆகவே, மீண்டும் ஆய்வு செய்ய ஏற்பாடு செய்யுமாறும், மேல்வீட்டாருடன் பேசி நாள் குறிக்க உதவுமாறும், செலவுப் பகிர்வுத் திட்டத்தின் விவரங்களைத் தெரிவிக்குமாறும் தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இதுகுறித்து என் மகளுடன் பேசுவதற்கு நான் இசைவளிக்கிறேன். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் கீழே உள்ளன.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
(முழுப் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண்; மகளின் பெயர், தொலைபேசி எண்)

இணைப்பு: நிழற்படங்கள் 3

"பணிவன்புடன்" என்ற சொல் முழுக் கடிதத்திலும் ஒரே ஒருமுறைதான் வருகிறது. அதுவும் கோரிக்கை அமைந்த வாக்கியத்தில் வருகிறது. அங்கே அதற்கு வேலை இருக்கிறது. விளக்கின் அருகில் ஈரம் பரவியது என்ற விவரத்தை மூதாட்டி பேச்சுவாக்கில்தான் சொன்னார். மின்கசிவு அபாயத்தைக் காட்டும் அந்த ஒரு வரி செய்யக்கூடியதை எந்த இரக்க வேண்டுகோளும் செய்யாது.

முடிப்பில் "தங்கள் கீழ்ப்படிந்த" என்று எழுதுவோர் உண்டு. மேலதிகாரிக்கு ஊழியர் எழுதும் பழைய வழக்கம் அது. வீட்டு உரிமையாளர் கழகத்துக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். "தங்கள் உண்மையுள்ள" என்பதே இருபாலருக்கும் பொருந்தும். "இப்படிக்கு" என்று எழுதியபின் பெயருக்கு முன்னால் தமக்குத் தாமே "திரு" சேர்த்துக்கொள்வதும் அவ்வப்போது கண்ணில் படுகிறது. மரியாதை அடைமொழியைப் பிறர்தான் நமக்குத் தர வேண்டும்.

கையொப்பத்தின்கீழ்ப் பெயரைத் தமிழில் மட்டும் எழுதினால் போதாது. ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதலாம் என்பதால், மொழிபெயர்ப்பாளர் ஊகித்து எழுதும் வடிவம் பதிவேட்டோடு ஒத்துப்போகாமல் போகக்கூடும். அடையாள அட்டையில் உள்ள ஆங்கில வடிவத்தை அப்படியே பார்த்து, தமிழ்ப் பெயருக்குக் கீழே எழுதிவிடுங்கள். தந்தை பெயரைக் குறிக்கும் பகுதி அட்டையில் இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். தமிழில் அதை "த/பெ" என்று குறிக்கலாம்.

பிள்ளைகளோ அண்டைவீட்டாரோ எழுதித் தந்தாலும், கையொப்பம் உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். மகள் தம் பெயரில் கையெழுத்திட்டு "அம்மாவின் சார்பாக" என்று எழுதியிருந்தால், உரிமையாளரின் இசைவைக் கேட்டு அலுவலகம் திருப்பி எழுத நேரலாம். அதில் காலம்தான் வீணாகும். அதற்காகத்தான் மேலே உள்ள கடிதத்தில் இசைவு வாக்கியம் தனியாக இடம்பெற்றிருக்கிறது. நிழற்படம் ஒவ்வொன்றின் பின்புறமும் எடுத்த நாளையும் வீட்டு எண்ணையும் எழுதி, கடிதத்தின் ஒரு படியை வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். பதில் வரும்போது அதிலுள்ள குறிப்பு எண், உங்கள் அடுத்த கடிதத்தின் "பார்வை" வரியில் இடம்பெற வேண்டும்.