போனில் தெரியும் வைஃபை லேப்டாப்பில் ஏன் தெரிவதில்லை?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வீட்டுக்குப் புதிதாக ஃபைபர் இணைப்பு வாங்கினோம். போனில் பார்த்தால் எங்கள் வைஃபைக்கு இரண்டு பெயர்கள் வருகின்றன. இரண்டாவதன் கடைசியில் `_5G` என்று இருக்கிறது, அதில்தான் வேகம் அதிகம். 2014இல் வாங்கிய லேப்டாப்பில் அந்தப் பெயர் வரவே இல்லை. விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டால் வந்துவிடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?”

வேண்டாம். அநேகமாகக் காசும் ஒரு நாளும்தான் வீணாகும். விண்டோஸை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டு மாறாது. இந்தக் கதையில் எல்லாமே அந்தக் கார்டுதான்.

வைஃபை வழக்கமாக இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் ஓடுகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். அந்த `_5G` இரண்டாவதைத்தான் குறிக்கிறது. செல்போன் கம்பெனிகள் தரும் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, கதிர்வீச்சு என்று பயந்து குழந்தைகள் தூங்கும் நேரத்தில் ரௌட்டரை அணைத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானுக்கு இருக்கும் ஆற்றல், விளக்கு வெளிச்சத்தின் ஒரு ஃபோட்டானுக்கு இருப்பதில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. உடம்பின் மூலக்கூறுகளை உடைக்க அது எந்த வகையிலும் போதாது. வாட்ஸப்பில் சுற்றும் பயங்களுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைப் பள்ளி இயற்பியலுக்குக் கொடுத்தாலே இந்தக் கவலை தீர்ந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, பெயர் ஏன் வரவில்லை? லேப்டாப்பில் வைஃபை பட்டியல் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு ரௌட்டரும் நொடிக்குச் சுமார் பத்து முறை ஒரு சின்ன அறிவிப்பை ஒலிபரப்புகிறது. பெயர், பாதுகாப்பு வகை, எந்தெந்த வேகங்கள் முடியும் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு பட்டையும் சேனல்கள் என்ற சின்னத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். லேப்டாப் ஒவ்வொரு சேனலாகப் போய்ச் சிறிது நேரம் காத்திருந்து, காதில் விழும் அறிவிப்புகளைப் பட்டியலாக்குகிறது. “இங்கே யாராவது இருக்கிறீர்களா?” என்று தானே கேட்டுப் பதில் வாங்குவதும் உண்டு. எப்படியானாலும் அந்தச் சேனலுக்குப் போனால்தான் உண்டு. ஆக, உங்கள் லேப்டாப் அந்த வைஃபையை மறைக்கவுமில்லை, நிராகரிக்கவுமில்லை. அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

காற்றில் அலை இருக்கிறது, ஆன்டெனா மீதும் வந்து மோதுகிறது. பிறகு ஏன் காதில் விழவில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நொடிக்கு 240 கோடி முறை ஆடும் ஒரு அலையை அப்படியே அளந்து எண்ணாக மாற்றுவது மலிவான சிப்புக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு தந்திரம் செய்கிறார்கள். கார்டுக்குள் ஒரு அலையியற்றி இருக்கும். அது தானே ஒரு சுத்தமான அலையை உண்டாக்கிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும் அலையையும் இந்த உள்ளூர் அலையையும் ஒரு சுற்றில் விட்டுப் பெருக்குவார்கள். பதினொன்றாம் வகுப்பு முக்கோணவியல் நினைவிருக்கிறதா? இரண்டு கொசைன்களைப் பெருக்கினால் கிடைப்பது இரண்டு புதிய கொசைன்கள். ஒன்றில் அதிர்வெண்களின் கூட்டல், இன்னொன்றில் கழித்தல். வைஃபை நடப்பது அந்தச் சூத்திரத்தால்தான்.

எண்களைப் போட்டே பார்க்கலாம். 2.4 பட்டையில் ஆறாவது சேனலின் நடு அதிர்வெண் 2437 மெகாஹெர்ட்ஸ். கார்டு அந்தச் சேனலைக் கேட்க விரும்பினால் உள்ளூர் அலையையும் 2437இல் வைக்கும். பெருக்கியதும் கூட்டல் 4874, கழித்தல் பூஜ்யம். பூஜ்யத்தை ஒட்டி, இரண்டு பக்கமும் பத்து மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள், ரௌட்டர் அனுப்பிய தகவல் முழுவதும் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் இருப்பதையெல்லாம் ஒரு வடிப்பான் வெட்டி எறிந்துவிடும். மிச்சமிருக்கும் மெதுவான அலையைச் சிப் நிதானமாக எண்ணாக மாற்றிக்கொள்ளும். சேனல் மாற்ற வேண்டுமா? உள்ளூர் அலையை 2462க்கு நகர்த்தினால் போதும், பதினொன்றாவது சேனல் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு அலையை நகர்த்தி உலகத்தில் எதைக் கேட்பது என்று முடிவு செய்யலாம் என்பது இன்றைக்கும் எனக்கு அதிசயமாகவே இருக்கிறது.

இப்போது உங்கள் ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை 36ஆவது சேனலில், அதாவது 5180 மெகாஹெர்ட்ஸில், வந்து சேர்கிறது என்று வைப்போம். உள்ளூர் அலை 2437இல் இருந்தால் கழித்தல் 2743. வடிப்பானின் எல்லை வெறும் பத்து. அந்த அலை அங்கேயே காலி. இதைப் பிடிக்க உள்ளூர் அலையே 5180க்குப் போக வேண்டும். பழைய மலிவுக் கார்டின் அலையியற்றியை அந்த உயரத்துக்குப் போகும்படி வடிவமைக்கவே இல்லை. அது போனாலும் முன்வாசலில் இன்னொரு காவல் உண்டு. ஆன்டெனாவுக்கு அடுத்திருக்கும் வடிப்பான் 2.4 பட்டையை மட்டும் உள்ளே விடும். புளூடூத் போக மற்ற சத்தமெல்லாம் உள்ளே வராமலிருக்க அது அவசியமும்கூட. மீடியம் வேவ் மட்டும் உள்ள பழைய ரேடியோவில் குமிழை எவ்வளவு திருகினாலும் எஃப்.எம். வராதல்லவா, அதே நிலைமை. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரோ விண்டோஸோ செம்பிலும் சிலிக்கானிலும் இல்லாத ஒரு பாதையைப் போட முடியாது.

உங்கள் போனில் இந்த ஏற்பாடு இரண்டு தடவை இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனி வடிப்பான், தனிப் பெருக்கி, அந்த உயரத்துக்குப் போகும் அலையியற்றி. இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கான 802.11a தரம் 1999லேயே வந்துவிட்டது. ஆனால் 2009இல் வந்த 802.11n தரம், ஒரு பட்டை மட்டும் வைத்தாலும் போதும் என்று விட்டுவிட்டது. லேப்டாப் கம்பெனிகள் அந்தச் சலுகையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. விலை குறைந்த மாடல்களில் ஒற்றைப் பட்டைக் கார்டைப் போட்டு, பெட்டியில் `802.11 b/g/n` என்று மட்டும் அச்சிட்டார்கள். அந்த n எழுத்தைப் பார்த்து எந்தப் பட்டை என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம் அதுதான், அதையே விட்டுவிட்டார்கள். பட்டையின் பெயரை அச்சிடுவதைக் கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2013இல் வந்த 802.11ac தரம் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே ஓடுவது என்பதால், அந்த ac இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் லேப்டாப் எந்த வகை என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
netsh wlan show drivers
```

வரும் விவரங்களில் `Radio types supported` என்ற வரியைத் தேடுங்கள். `802.11n 802.11g 802.11b` என்று மட்டும் இருந்தால் கார்டு 2.4 மட்டும்தான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். `802.11a` அல்லது `802.11ac` இருந்தால் 5 உண்டு. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரையும் பாருங்கள். அந்தக் காலத்து லேப்டாப்களில் நிறையக் காணப்படும் `AR9285`, `RTL8723BE`, `BCM43142` மூன்றுமே 2.4 மட்டும். இணைந்திருக்கும்போது விண்டோஸ் காட்டும் வேகம் 72 எம்.பி.பி.எஸ்ஸைத் தாண்டவே இல்லையென்றால் அதுவும் ஒரு தடயம். ஒற்றை ஆன்டெனாவும் சாதாரண அகலச் சேனலும் கொண்ட 802.11n கார்டுக்கு அதுதான் உச்சம். கையில் கிடைப்பது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம்.

கார்டில் 5 இருந்தும் பெயர் வரவில்லை என்றால் விஷயம் வேறு, அப்போது மென்பொருளைச் சந்தேகிக்கலாம். முதலில் சேனல். 5 கிகாஹெர்ட்ஸில் எந்தெந்தச் சேனலைப் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பழைய கார்டுகளில் அது தயாரிக்கும்போதே எழுதப்பட்டிருக்கும். இந்தியாவில் 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதி 2018 அக்டோபர் அறிவிக்கையில்தான் உரிமம் இல்லாமல் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன் வந்த லேப்டாப் அந்தப் பகுதியைக் கேட்காமலே போக வாய்ப்புண்டு. ஐரோப்பாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப்பாக இருந்தால் 149 முதல் மேலே உள்ள சேனல்கள் இல்லாமலிருக்கலாம். ரௌட்டர் தானாக 149ஐப் பிடித்துக்கொண்டால் போனில் தெரியும், லேப்டாப்பில் தெரியாது. ரௌட்டர் அமைப்பில் சேனலை ‘ஆட்டோ’விலிருந்து 36க்கு மாற்றிப் பாருங்கள். உடனே பெயர் வந்தால் காரணம் இதுதான்.

இன்னொன்று டிரைவர். வைஃபை 6 ரௌட்டர்களின் அறிவிப்பில் புதிய பகுதிகள் இருக்கின்றன. சில பழைய இன்டெல் டிரைவர்கள் அவற்றைப் புரிந்துகொள்ளாமல் அந்த ரௌட்டரையே பட்டியலிலிருந்து விட்டுவிடும். இந்தக் கோளாறில் 2.4 பெயரும் சேர்ந்து காணாமல் போகலாம். புது டிரைவர் போட்டால் சரியாகிவிடும்.

போனின் ஹாட்ஸ்பாட் லேப்டாப்பில் தெரியவில்லை என்று திண்டாடுபவர்களுக்கும் காரணம் பெரும்பாலும் இந்தப் பட்டைதான். ஐபோன் 12 முதல் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் தொடங்கும். `Maximize Compatibility` என்பதை இயக்கினால் 2.4க்கு இறங்கிவரும். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் பட்டையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும்.

வாசகியின் லேப்டாப்புக்கு வருவோம். கட்டளையில் b, g, n மட்டும் வந்தால் மலிவான வழி, யு.எஸ்.பி.யில் செருகும் வைஃபை அடாப்டர். வாங்கும்போது ‘டூயல் பேண்ட்’ என்று பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், `AC` என்றும் இருக்க வேண்டும். வெறும் `N` போட்ட சின்ன அடாப்டரை வாங்கினால் அதிலும் 2.4 மட்டுமே இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே இருக்கும் கார்டையே மாற்றலாம், ஆனால் 2014 லேப்டாப்பில் மினி பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டா எம்.2 கார்டா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். லேப்டாப்பைத் தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்தான் பயாஸ். சில மாடல்களின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் லேப்டாப்பையே தொடங்க விடாது. திரையைச் சுற்றி ஓடும் ஆன்டெனாவும் 2.4க்கு மட்டுமே அமைந்ததாக இருந்தால், புதுக் கார்டு போட்டாலும் 5இல் சிக்னல் பலவீனமாகத்தான் இருக்கும். 2.4இன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், 5இல் அது பாதிக்கும் குறைவு. யு.எஸ்.பி. அடாப்டர் தன் ஆன்டெனாவையும் சேர்த்தே கொண்டுவருவதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை. லேப்டாப்பில் நீல நிற யு.எஸ்.பி. 3 துளை இருந்தால் அதில் செருகுங்கள். இல்லாவிட்டாலும் 100 எம்.பி.பி.எஸ். இணைப்புக்குப் பழைய துளையே தாராளம்.