ஒரு மணி நேர வகுப்பை 11 எம்பிக்குள் அடக்குவது

ஒரு மணி நேர இயற்பியல் வகுப்பை WAV கோப்பாக, ஸ்டீரியோவில், 16 பிட்டில், 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்தால் சுமார் 635 எம்பி வரும். அதையே ஓபஸ் முறையில், மோனோவாக, நொடிக்கு 24 கிலோபிட் வீதம் சுருக்கினால் 10.8 எம்பிதான். பேச்சு தெளிவாகவே இருக்கும். ஆனால் எதை வெட்டலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பேச்சின் சத்தம் பெரும்பாலும் உயிரெழுத்துகளில், 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. சொல்லை அடையாளம் காட்டுபவை மெய்யெழுத்துகள். அவற்றில் ‘ஸ்’ ஒலியின் வலு 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான். பழைய தொலைபேசி 3.4 கிலோஹெர்ட்ஸோடு நிறுத்திவிடும். அதனால்தான் போனில் ‘எஸ்’ஸும் ‘எஃப்’பும் ஒன்றுபோலக் கேட்கும். இடப்பெயர்ச்சிக்கு எஸ், விசைக்கு எஃப் என்று எழுதும் வகுப்பில் இது சமன்பாட்டையே மாற்றிவிடும். ஓபஸையும் 6 கிலோபிட்டுக்கு இறக்கினால், 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைத் தானாகவே கைவிட்டுவிடும். இன்னும் கொஞ்சம் எம்பி மிச்சம்பிடிக்கப் போய் வகுப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கீழ்ப்பக்கம் தாராளமாக வெட்டலாம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் மின்விசிறி இரைச்சலும் மேசை அதிர்வும்தான். வெட்டுவதையும் சுருக்குவதையும் ffmpeg என்ற நிரலில் இந்த ஒரே கட்டளை செய்துவிடும்:

```
ffmpeg -i class.wav -ac 1 -ar 48000 -af "highpass=f=100,loudnorm=I=-16:TP=-1.5" -c:a libopus -b:a 24k -application voip class.opus
```

இதில் `loudnorm`, ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது தணியும் குரலை ஓரளவு தூக்கிவிடும். கூடவே இரைச்சலும் எழும். அதைப் போக்க இரைச்சல் நீக்கியை முழு வீச்சில் போட்டால், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகி, முதலில் போவது அதே ‘ஸ்’தான். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

`-ac 1` இரண்டு சேனல்களையும் கலந்து ஒன்றாக்கும். ஒரு சேனல் தலைகீழ் முனைவில் பதிவாகியிருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்து குரல் ஏறக்குறைய காணாமல் போகும், அறையின் எதிரொலி மட்டும் மிஞ்சும். ஹெட்போனில் நன்றாகக் கேட்டது மோனோவில் மங்கினால் சந்தேகம் இதன்மேல்தான். `-ac 1`-ஐ எடுத்துவிட்டு, `-af`-க்கு அடுத்துள்ள வடிகட்டி வரிசையின் தொடக்கத்தில் `pan=mono|c0=c0,` சேர்த்தால் இடது சேனல் மட்டும் வரும்.

ஏற்கெனவே 32 கிலோபிட் எம்பி3-ஆக வந்ததை மறுபடி சுருக்குவது வீண்வேலை. ஒருமுறை தொலைந்த ஒலி திரும்ப வராது, இரண்டாம் சுருக்கம் தன் பங்குக்கு வேறு கெடுக்கும். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பெறுபவரின் பழைய போன் `.opus` கோப்பைத் திறக்காவிட்டால், 48 கிலோபிட் ஏஏசி மோனோவாக `.m4a` அனுப்பலாம். அளவு இரு மடங்கு, 21.6 எம்பி.

சரிபார்க்கும்போது தொடக்கத்தைக் கேட்டுப் பயனில்லை, அங்கே எல்லாரும் உரக்கவே பேசுவார்கள். பின்வரிசை மாணவர் கேள்வி கேட்கும் இடத்தையும், சமன்பாட்டை வாய்விட்டுச் சொல்லும் இடத்தையும் போனின் சொந்த ஸ்பீக்கரில் போடுங்கள். பலகையைப் பார்க்காத ஒருவர் கேட்டு எழுதட்டும். எஸ் வர வேண்டிய இடத்தில் எஃப் எழுதினால் 32 கிலோபிட்டுக்கு ஏற்றிப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் கோளாறு சுருக்கத்தில் இல்லை, மைக் தூரத்தில் இருந்திருக்கிறது.