டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு கேம் திக்கினால் கேஷை அழிக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது ஆள். "அண்ணே, கிராபிக்ஸ் கார்டு டிரைவர் அப்டேட் போட்டேன், கார்டு போயிடுச்சு" என்று ஒரு கல்லூரிப் பையன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தான். கேமைத் திறந்து ஒரு தெருவில் நடக்கச் சொன்னேன். புதிதாக ஏதாவது வெடிக்கும்போதும் புதுக் கதவு திறக்கும்போதும் படம் ஒரு நொடி உறைந்தது. அதே தெருவில் இரண்டாம் முறை நடந்தான், வெண்ணெய் போல ஓடியது. கார்டில் ஒரு குறையும் இல்லை.

உங்களிடம் எந்த கார்டு இருக்கிறது என்று கேம் செய்தவருக்குத் தெரியாது. அதனால் படத்தை வரையக் கார்டில் ஓடும் சிறு நிரல்களான ஷேடர்களை ஒரு பொதுவான இடைநிலை வடிவத்தில்தான் தருகிறார். அதை உங்கள் கார்டுக்கான குறியீடாகக் கம்பைல் செய்வது டிரைவரின் வேலை. செய்ததை டிஸ்க்கில் கேஷாக வைத்துக்கொள்ளும். டிரைவர் மாறினால் அதற்குள் இருக்கும் கம்பைலரும் மாறுகிறது, பழைய கேஷ் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து. 60 ஃபிரேம் ஓட்டத்தில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். நடுவில் ஒரு ஷேடர் 100 மில்லிசெகண்ட் எடுத்தால் ஆறு ஃபிரேம் போச்சு. ஒரே வன்பொருள் கொண்ட கன்சோல்களில் ஷேடர்களை முன்கூட்டியே கம்பைல் செய்து கொடுத்துவிடலாம், அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

சரி, அந்தப் பையனுக்கு ஏன் இரண்டு வாரமாகியும் திக்கல் நிற்கவில்லை? ஏதோ வீடியோ பார்த்து, கணினி திறக்கும்போதெல்லாம் ஓடும்படி இதைப் போட்டு வைத்திருந்தான்:

```
del /s /q "%USERPROFILE%\AppData\LocalLow\NVIDIA\PerDriverVersion\DXCache\*"
```

"கேஷ்னா குப்பைதானே அண்ணே?" என்றான். குப்பை இல்லை தம்பி! நேற்று உன் கணினி உட்கார்ந்து செய்து முடித்த வேலை அது. அதை அழித்தால் ஒவ்வொரு நாளும் உனக்கு அப்டேட் போட்ட நாள்தான். வேகம் கூட்டுவதாகச் சொல்லும் கிளீனர் செயலிகளில் பலவும் இதையேதான் செய்கின்றன. படத்தில் கோடுகோடாகத் தெரிகிறது, கேம் ஏறும்போதே விழுகிறது என்றால் ஒருமுறை அழித்துப் பாருங்கள், அவ்வளவுதான். திக்கலுக்கு அது மருந்தல்ல.

அப்டேட்டுக்குப் பிறகு முதல்முறை கேம் திறக்கும்போது ஷேடர் தயாராகிறது என்று ஒரு பட்டை ஓடினால் முழுதாக ஓடவிடுங்கள். சிபியுவின் எல்லா கோர்களும் வேலை செய்யும், ஃபேன் இரையும், பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் பொறுக்காமல் தாண்டிப் போய்விட்டு என்னிடம் வந்து நிற்பவர்கள்தான் அதிகம். என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் `Shader Cache Size` என்பதை 10 GB ஆக்குங்கள். இடம் போதாவிட்டால் பழைய கேம்களின் கேஷ் வெளியேறிவிடும். போட்டி இருக்கும் நாளில் தயவுசெய்து டிரைவரைத் தொடாதீர்கள்.

முன்கூட்டியே கம்பைல் செய்யும் பட்டியலில் சில ஷேடர்கள் விடுபட்டிருந்தால், அவை முதல்முறை வரும்போது திக்கத்தான் செய்யும். ஆனால் ஒரே இடத்தில் ஐந்தாம் முறையும் திக்கினால் அது ஷேடர் விவகாரம் இல்லை. அப்போது கார்டின் மெமரி நிரம்புகிறதா, டிஸ்க் தடுமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு சிபியுவைத் தாராளமாகத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.