ஆர்சிசிபி எப்போது விழும், எப்போது விழாது

சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் ஆர்சிசிபி என்னும் மின்கசிவு பிரேக்கர் ஆரம்பத்திலிருந்தே கட்டாயம். பழைய வீடுகளுக்கும் 2023 ஜூலை 1 முதல் விதி வந்தது. பொருத்திக்கொள்ள 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. வீட்டு உரிமையாளர்தான் பொறுப்பு. உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் பொருத்த வேண்டும்.

டிபி பாக்ஸைத் திறந்தால், எம்சிபி என்னும் சின்ன பிரேக்கர்களுக்குப் பக்கத்தில் கொஞ்சம் அகலமாக, டெஸ்ட் பொத்தானோடு இருப்பது அதுதான். உள்ளே ஓர் இரும்பு வளையம். லைவ், நியூட்ரல் இரண்டும் அதன் வழியாகவே போகின்றன. போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இருந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். சமம் குலைந்தால் வளையத்தில் சுற்றிய மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் பிறந்து, பூட்டை விடுவிக்கும்; பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். வீட்டுக்கு உரியது, வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் விழும் வகை.

குளியலறை ஹீட்டர் 3,000 வாட் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் அது சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். உள்ளே லைவ் கம்பி உலோக உடலைத் தொட்டுவிட்டது. எர்த் கம்பியும் அறுந்திருக்கிறது. ஈரக்கையோடு ஒருவர் தொடுகிறார். உடலின் தடை 1,500 ஓம் என்றால் ஏறத்தாழ 150 மில்லிஆம்பியர் அவர் வழியாகத் தரைக்குப் போகும். லைவில் 13.15, நியூட்ரலில் 13. 20 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆர்சிசிபியோ 0.04 விநாடிக்குள் துண்டித்துவிடும்.

இங்கே பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு: உடலுக்குள் 30 மில்லிஆம்பியருக்கு மேல் போகவே போகாது என்று. ஆர்சிசிபி ஷாக்கின் அளவைக் குறைப்பதில்லை, நேரத்தைத்தான் குறைக்கிறது. ஷாக் அடிக்கத்தான் செய்யும். எர்த் கம்பி நன்றாக இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே கசிவு அதன் வழியாக ஓடி பிரேக்கர் விழுந்துவிடும்.

ஒரு கை லைவிலும் மறு கை நியூட்ரலிலும் இருந்து, கால் தரையோடு தொடர்பில்லாமல் இருந்தால்? போனதெல்லாம் திரும்பி வருவதால் கணக்கு சரியாகவே இருக்கும். ஆர்சிசிபி சும்மா இருந்துவிடும்.

டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வளையத்துக்குள் போகாமல் அதற்கு வெளியே சிறு மின்னோட்டம் போகும். பிரேக்கர் உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்ற ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் விழுந்தால் எர்த் கம்பியும் சரி என்று எண்ணிவிடாதீர்கள். பொத்தான் அதைச் சோதிப்பதில்லை.

தானாக விழுந்தால், எல்லா எம்சிபிகளையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்; எதில் விழுகிறதோ பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கோளாறு. அங்குள்ள பிளக்குகளைக் கழற்றியே விடுங்கள்: சுவிட்சை அணைத்தாலும் நியூட்ரல் இணைந்தே இருக்கலாம், கசிவு அந்த வழியாகவும் வரலாம். எல்லாம் கழற்றிய பிறகும் விழுந்தால் கோளாறு சுவருக்குள், அல்லது ஹீட்டர் போல நேரடியாக இணைத்த சாதனத்தில். அது மின்பணியாளர் வேலை.