கில்த்: யுனானி சொல்லும் நான்கு உடற்சாறுகள்

கில்த் என்பது அரபுச் சொல். பன்மையில் அக்லாத். கலத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. உடம்பில் கலந்து ஓடுவதாக யுனானி மருத்துவம் கருதும் நான்கு நீர்மங்களில் ஒவ்வொன்றும் ஒரு கில்த். தம் என்றால் குருதி, பல்கம் என்றால் கோழை, ஸஃப்ரா மஞ்சள் பித்தம், ஸவ்தா கரும்பித்தம். கில்த்துக்குக் கிரேக்கர் வைத்திருந்த சொல்லுக்குச் சாறு என்றே பொருள். அதனால் தமிழில் ‘உடற்சாறு’ என்பது பொருந்தும்.

யுனானி என்ற பெயரும் நமக்குத் தொலைவானதல்ல. கிரேக்க நாட்டை அரபியர் யூனான் என்றார்கள். அயோனியா என்ற பகுதியின் பெயர் அதற்கு மூலம். நம் ‘யவனர்’ என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். காவிரி கடலில் சேரும் புகாரில் யவனர் குடியிருப்பு இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மருத்துவம் மட்டும் அந்தக் கப்பல்களில் வரவில்லை. அது அரபு, பாரசீக நாடுகளில் இப்னு சீனா போன்றோர் கையில் விரிவடைந்து, பல நூற்றாண்டுகள் கழித்தே இந்தியா வந்தது.

ஒவ்வொரு சாற்றுக்கும் இரண்டு குணம் உண்டு. குருதி சூடும் ஈரமும், கோழை குளிர்ச்சியும் ஈரமும், மஞ்சள் பித்தம் சூடும் வறட்சியும், கரும்பித்தம் குளிர்ச்சியும் வறட்சியும். இங்கேதான் தமிழாக்கத்தில் பலர் சறுக்குகிறார்கள். சித்த மருத்துவம் சொல்லும் வாதம், பித்தம், ஐயம் என்ற மூன்றை வைத்து, ஸஃப்ராவைப் பித்தம் என்றும் பல்கத்தை ஐயம் என்றும் ஓரளவு சொல்லிவிடலாம். மிச்சமிருக்கும் ஸவ்தாவை வாதம் என்று எழுதிவிட்டால் கணக்குச் சரியாகாது. சித்த மருத்துவத்தில் வாதம் காற்றின் அம்சம். ஸவ்தா மண்ணின் தன்மையுள்ள ஒரு கெட்டிச் சாறு. கரும்பித்தம் என்றே எழுதுவதுதான் நல்லது.

குணத்தை வைத்து மருந்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஐப்பசி நடவில் நாளெல்லாம் சேற்றில் நின்ற ஒரு பெண், இருமலோடு கூத்தாநல்லூரில் ஒரு ஹக்கீமிடம், அதாவது யுனானி மருத்துவரிடம், போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாடி பார்த்தபின் அவர் கேட்பார்: “சளி வெள்ளையா வருதா, மஞ்சளாவா? ராத்திரி அதிகமாம்மா, பகல்லயா?” வெள்ளையாக, கெட்டியாக, விடியற்காலையில் நெஞ்சை அடைத்துக்கொண்டு வருகிறது என்றால் அது பல்க இருமல். குளிரும் ஈரமும் மிகுந்ததால் எதிர்க்குணமுள்ள, சூடான மருந்து வேண்டும். ஜூஃபா என்ற மூலிகையோடு அத்திப்பழம், அதிமதுரம் போன்றவை சேர்ந்த ஷர்பத் ஜூஃபாவை வெந்நீரில் கலந்து குடிக்கச் சொல்வார். கெட்டிச் சளியை முதலில் பக்குவப்படுத்தி, பிறகு வெளியேற்றுவது யுனானி முறை. சளி இளகி, சிரமமில்லாமல் வர ஆரம்பித்தால் மருந்து சரி.

அதே வீட்டில் இன்னொருவருக்குச் சளியே இல்லாமல், தொண்டை எரிந்து வறட்டு இருமல் வருகிறது என்றால் ஜூஃபா எரிச்சலைக் கூட்டும். அவருக்கு இலந்தை இனத்துப் பழமான உன்னாபில் செய்த ஷர்பத்தோ, நறுவிலிப் பழத்தின் வழவழப்பை வைத்துச் செய்யும் லஊக் சபிஸ்தானோ பொருந்தும். லஊக் என்றால் நக்கிச் சாப்பிடுவது. நம் லேகியம் என்ற சொல்லுக்கும் வேர்ப்பொருள் அதுவே. ‘இருமல் மருந்து கொடுங்க’ என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் இந்த இரண்டும் இடம் மாறிவிடும்.

ஷர்பத் என்றால் குடிப்பது. கடைவீதி நன்னாரி சர்பத்தும் இதே சொல்தான். ஹப் என்றால் விதை, அதாவது உருண்டை மாத்திரை. குர்ஸ் என்றால் வட்டு, தட்டை மாத்திரை. ஹப்பே சுர்ஃபா என்ற இருமல் உருண்டையை வாயில் அடக்கி மெதுவாகக் கரைப்பார்கள். வறட்டு இருமலுக்கு இது இதம். இருமலை அடக்கும் சரக்கு சேர்ந்த உருண்டையைச் சளி கட்டியவருக்குக் கொடுத்தால் இருமல் நிற்கும், சளி உள்ளேயே தங்கும். நெஞ்சு இன்னும் கனக்கும்.

வடிவத்தைத் தேர்வதில் இன்னொரு கணக்கு உண்டு. ஷர்பத்தும் லஊக்கும் சர்க்கரைப் பாகில் செய்பவை. நீரிழிவு உள்ளவருக்கு அதே சரக்கைக் கஷாயமாகவோ மாத்திரையாகவோ கேட்பது நல்லது. அதிமதுரம் நாள்பட உள்ளே போனால் ரத்த அழுத்தம் ஏறும் என்பதால், அந்தத் தொல்லை உள்ளவர்கள் அதை முதலிலேயே ஹக்கீமிடம் சொல்லிவிட வேண்டும்.

நான்கு சாறு என்பது பழைய கோட்பாடு; ரத்தப் பரிசோதனையில் கரும்பித்தம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, மாலையில் காய்ச்சல் அடித்தாலோ சூடா குளிரா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.