தாக்கம் என்று எழுதிவிட்டுக் கருத்தைக் கேட்காதீர்கள்

ஆய்வு முன்மொழிவுகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் பணியில் ஒரு பகுதி. நோக்கங்களைத் தனியாகவும் வினாக்களைத் தனியாகவும் படித்தால் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவை வேறு வேறு ஆய்வுகள் என்று தெரியும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பற்றிய ஒரு முன்மொழிவை எடுத்துக்கொள்வோம். முதல் நோக்கம்: “மாணவர் வருகையில் திட்டம் ஏற்படுத்திய தாக்கத்தை மதிப்பிடுதல்.” முதல் வினா: “வருகை கூடியிருப்பதாக ஆசிரியர்கள் கருதுகிறார்களா?” கருதுகோளோ ஆசிரியரின் பணி அனுபவத்துக்கும் அவர் கருத்துக்கும் உள்ள தொடர்பைப் பேசுகிறது. தரவு, ஆசிரியர்களிடம் ஒரே ஒருமுறை எடுக்கும் வினாநிரல். இதை முடித்தால் ஆசிரியர்களின் கருத்து கிடைக்கும். வருகைக்கு என்ன ஆனது என்பது கடைசிவரை தெரியாது.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. கையில் இருப்பது வினாநிரல் மட்டும்தான் என்றால், நோக்கத்தை “ஆசிரியர்களின் கருத்தை அறிதல்” என்று மாற்றி, தலைப்பிலும் அதையே எழுதிவிடலாம். அது நேர்மையான, செய்யக்கூடிய ஆய்வு.

தாக்கம்தான் வேண்டும் என்றால் வினா இப்படி மாற வேண்டும்: “2022–23 கல்வியாண்டில், திட்டம் தொடங்கிய பள்ளிகளின் வருகை விழுக்காடு, தொடங்காத பள்ளிகளிலிருந்து எவ்வளவு வேறுபட்டது?” திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில்தான் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதனால் இந்த ஒப்பீட்டுக்கு இடம் இருக்கிறது. தரவு வருகைப் பதிவேட்டிலிருந்து வர வேண்டும். ஒரே பள்ளியின் முந்தைய ஆண்டோடு மட்டும் ஒப்பிட்டால் சிக்கல், ஏனென்றால் கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்து வருகை மீண்டதும் அந்தக் காலத்தில்தான். முதற்கட்டப் பள்ளிகளில் மலைப்பகுதிப் பள்ளிகளும் இருந்தன. ஆகவே ஒத்த சூழலில் உள்ள பள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த வரம்பை முன்மொழிவிலேயே சொல்லவும் வேண்டும்.

மாணவர்களிடம் நான் கேட்பது ஒரு அட்டவணை. ஒரு வரிசையில் நோக்கம், வினா, தரவு எங்கிருந்து, எந்தப் பகுப்பாய்வு. அப்புறம் அதை வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்வேன். இந்தப் பகுப்பாய்வு இந்தத் தரவிலிருந்து வருமா, வரும் விடை இந்த வினாவுக்குத்தானா என்று பின்னோக்கிப் போனால் ஓட்டை உடனே தெரியும். சொற்களையும் பாருங்கள். நோக்கத்தில் “வருகை”, வினாவில் “பங்கேற்பு”, வினாநிரலில் “ஆர்வம்” என்றால் மூன்றையும் வெவ்வேறாகத்தான் அளக்க வேண்டியிருக்கும். நெறியாளர் சொல்லி நோக்கத்தைத் திருத்தும்போது, முறையியல் பகுதியில் பழைய வினா அப்படியே கிடப்பதும் அடிக்கடி நடக்கிறது.

அட்டவணையில் வினாவே இல்லாமல் நிற்கும் வரிசை பெரும்பாலும் “பரிந்துரைகள் வழங்குதல்” என்ற கடைசி நோக்கம்தான். அதற்குத் தரவும் இல்லை, பகுப்பாய்வும் இல்லை. நோக்கங்களிலிருந்து எடுத்துவிட்டு, ஆய்வின் பயன் என்ற பகுதியில் அதை எழுதுங்கள்.