மின்வாரியத்தில் ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சி: என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

டிப்ளமோவோ பொறியியல் பட்டமோ முடித்தவர்கள் மின்துறைக்குள் நுழையத் தேர்வு எழுதாமல் ஒரு வழி இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் தருகிற ஓராண்டுப் பயிற்சிதான் அது. முதலில் ஐ.டி.ஐ. தரத்துத் தொழில்களுக்காக வந்த இந்தச் சட்டத்தில், 1973-இல் செய்த திருத்தத்தின் மூலம் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

தமிழ்நாட்டு மின் கழகங்கள் அறிவிக்கை வெளியிடும்போது, விண்ணப்பம் nats.education.gov.in தளத்தின் வழியே போகும். சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் மதிப்பெண் அடிப்படையில் பட்டியல் தயாரித்து, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கும். இன்னின்ன ஆண்டுகளில் தேர்ச்சி பெற்றவர்கள் மட்டும் என்று அறிவிக்கையிலேயே வரையறுத்திருப்பார்கள். பலர் விடுபடுவது இந்த ஒரு வரியில்தான். ஏற்கெனவே பயிற்சி முடித்தவர்களுக்கும், ஓராண்டோ அதற்கு மேலோ பணி அனுபவம் உள்ளவர்களுக்கும் பொதுவாக இடமில்லை.

2019 விதிகளின்படி மாத உதவித்தொகை பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய். இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. அந்தப் பங்கு இப்போது பயிற்சியாளரின் வங்கிக் கணக்கிற்கே நேரடியாக வருகிறது. டிப்ளமோ முடித்த ஒருவருக்கு 4,000 அரசிடமிருந்தும் 4,000 நிறுவனத்திடமிருந்தும் இரு வேறு நாட்களில் வரக்கூடும். அரசுப் பங்கு மட்டும் வராமல் நின்றால், கணக்குடன் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உதவித்தொகையை 36 விழுக்காடு உயர்த்த 2025 மே மாதத்தில் மத்திய தொழிற்பழகுநர் மன்றம் பரிந்துரைத்தது. ஆகவே, உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையையே கணக்கில் கொள்ளுங்கள்.

அந்த ஒப்பந்தம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அது தளத்தில் பதிவாகாமல் மூன்று மாதம் வேலை பார்த்தாலும் சட்டத்தின் கண்ணில் அது பயிற்சியே அல்ல. முதல் வாரத்திலேயே பதிவைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

பயிற்சி எப்படி இருக்கும்? டிப்ளமோ முடித்த ஒரு பெண் 110 கிலோவோல்ட் துணை மின்நிலையத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு ஃபீடரின் மின்னோட்டம், மின்னழுத்தம், மின்மாற்றியின் எண்ணெய் வெப்பநிலை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவார். மின்மாற்றியின் சுவாசக் குடுவையில் இருக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து வெளிர்சிவப்புக்கு மாறினால் அது ஈரம் குடித்துவிட்டது என்று கண்டுகொள்வார். மின்கல அறையில் ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் ஒப்படர்த்தியைப் பார்ப்பார். 1.2-ஐ ஒட்டி இருக்க வேண்டியது ஒரு செல்லில் மட்டும் தாழ்ந்திருந்தால் அதைத் தனியே குறித்து வைப்பார்.

உண்மையான பாடம் லைன் கிளியர் கொடுக்கும்போது, அதாவது மின்பாதையில் வேலை செய்ய மின்சாரத்தை நிறுத்தி அனுமதி தரும்போது நடக்கிறது. பிரேக்கரைத் திறந்து, ஐசோலேட்டரையும் திறந்து, அதன் மூன்று கத்திகளும் விலகியதைக் கண்ணால் பார்த்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து, எர்த் செய்த பிறகே அனுமதிச்சீட்டு எழுதப்படும். இந்த வரிசையில் ஒன்று மாறினாலும் உயிர் போகும். அந்தச் சீட்டில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் வேறு, பயிற்சியாளர் வேறு. ஆள் இல்லை, நீ போய்ச் சுவிட்சைப் போடு என்று தனியே அனுப்பினால் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும்.

சட்டம் பயிற்சியாளரைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை. அதனால் தொழிலாளர் சட்டங்கள் பெரும்பாலும் பொருந்தா. ஆனால் பாதுகாப்பு ஏற்பாடுகளும், பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடும் உரிமையாகவே உண்டு.

சில இடங்களில் வருடம் முழுவதும் கணினியில் கட்டண விவரம் ஏற்றும் வேலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பயிற்சித் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கி, தினமும் செய்த வேலையைப் பணிக்குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் பெறுங்கள். பயிற்சி வாரியத்திடம் முறையிட வேண்டி வந்தால் அதுவே சான்று.

ஓராண்டு முடிந்ததும் பயிற்சி வாரியம் சான்றிதழ் வழங்கும். ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தாலொழிய வேலை கொடுக்க நிறுவனம் கடமைப்பட்டதல்ல என்பதே சட்டத்தின் 22-ஆவது பிரிவு. பயிற்சி பெற்றவர்களை எடுப்பதில் தன் கொள்கை என்ன என்பதை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம். மின் கழகத்தின் உதவிப் பொறியாளர் பதவிக்குத் தனித் தேர்வு இருக்கிறது. பல ஆள்சேர்ப்பு அறிவிக்கைகள் இந்த ஓராண்டைப் பணி அனுபவமாக எடுத்துக்கொள்வதும் இல்லை. தனியார் சூரிய மின்நிலையங்களிலும் துணைமின்நிலையப் பராமரிப்பு ஒப்பந்ததாரர்களிடமும் நிலைமை வேறு. அங்கே நேர்காணலில் கேட்பது சான்றிதழின் தேதியை அல்ல, லைன் கிளியரின் வரிசையை.